ரெண்டரில் வெயில் தடுப்பும் காற்றோட்டமும் தெரிய என்ன செய்வது?

கேள்வி: கோயம்புத்தூர்ல மேற்கு பார்த்த மனைக்கு ஒரு வீடு டிசைன் பண்ணியிருக்கேன். ஹால் ஜன்னலுக்கு வெளியே சாய்வா ஃபின் வெச்சிருக்கேன், தெற்கு ஜன்னலுக்கு ரெண்டடி சன்ஷேடு, காத்து மேற்குல நுழைஞ்சு முற்றம் வழியா மேல போயிடும். ஆனா ரெண்டரைப் பாக்குறவங்க எல்லாரும் "எலிவேஷன் நல்லா இருக்கு"ங்கிறதோட நிறுத்திக்கிறாங்க. அம்புக்குறி, எழுத்து எதுவும் போடாம, வெயில் தடுப்பும் காத்தோட்டமும் தானா கண்ணுல படுற மாதிரி எப்படி ரெண்டர் பண்றது?

பதில்:

முதலில் உங்கள் கோப்பில் சூரியன் எந்த ஊர் வானத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஸ்கெட்ச்அப்பில் புதுக் கோப்பு திறந்தால், நீங்கள் மாற்றாதவரை, அந்த வீடு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்ற ஊரில் இருப்பதாகத்தான் கணக்கு. அது வட அட்சம் 40. கோவை 11. போல்டரில் நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும். கோவையிலோ ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம், நான்காம் வாரம் வரை அது வடக்குப் பக்கம் போய்விடும். சூரியன் தவறான இடத்தில் இருந்தால் நிழல் அழகாக விழும், ஆனால் உங்கள் ஃபின்னுக்கும் அந்த நிழலுக்கும் சம்பந்தம் இருக்காது. பார்ப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஒரு அலங்காரக் கோடு என்று கடந்து போய்விடுவார்கள்.

`Model Info` உள்ளே `Geo-location` போய் ஊரை வையுங்கள், நிழல் பெட்டியில் `UTC+05:30` இருக்கிறதா பாருங்கள். பிளெண்டர் என்றால் Sun Position ஆட்-ஆனில் அட்சரேகை, தீர்க்கரேகை, நேர மண்டலம் மூன்றையும் கையால் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு ஒரு மீட்டர் உயரக் குச்சி ஒன்றைத் தரையில் நட்டுச் சோதியுங்கள். ஏப்ரல் 18, 19 வாக்கில் பகல் 12.22-க்கு அதன் நிழல் காணாமல் போக வேண்டும். நிழலில்லா நாள் என்று பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குக் காட்டுவார்களே, அதேதான். ஜூன் 21 நண்பகலில் நிழல் சுமார் 22 சென்டிமீட்டர் நீளத்தில் தெற்கு நோக்கி விழ வேண்டும். வடக்கே விழுந்தால் ஊர் மாறவில்லை, அல்லது மாடலின் வடக்கு திரும்பியிருக்கிறது. கீழே நான் சொல்லும் கணக்கெல்லாம் உங்கள் சுவர் சரியாக மேற்கைப் பார்க்கிறது என்று வைத்துப் போட்டது. மனை பத்து டிகிரி திரும்பியிருந்தால் கணக்கும் மாறும்.

அடுத்தது, நிழல் ஏன் கண்ணில் படுவதில்லை என்பது. முழுக்க நிழலில் இருக்கும் ஜன்னலை யாரும் "இது வெயிலிலிருந்து காப்பாற்றப்பட்ட ஜன்னல்" என்று பார்ப்பதில்லை, கறுப்புக் கட்டமாகத்தான் பார்ப்பார்கள். வெயில் எங்கே வரை வந்து எங்கே நின்றது என்ற விளிம்பு தெரிந்தால்தான் தடுத்த பொருள் மேல் கண் போகும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் தேதியும் நேரமும் தேர்ந்தெடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. எல்லாவற்றையும் காட்டும் ஒரே நேரம் என்று ஒன்று கிடையாது. தெற்குக்கு ஒரு தேதி, மேற்குக்கு ஒரு தேதி, காற்றுக்கு வேறொரு மாதம்.

தெற்கு சுலபம். ஜன்னல் நாலடி உயரம், சன்ஷேடு இரண்டடி நீட்டம், லிண்டல் மட்டத்திலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 21 நண்பகலில் அதன் நிழல் பத்தடிக்கு இறங்கும். அதாவது சுவர் அடிவரை நிழல், விளிம்பே இல்லை, படத்தில் ஒன்றும் தெரியாது. டிசம்பர் 21 நண்பகலில் நிழல் மூன்றடிக்குச் சற்றுக் குறைவு, ஜன்னலின் கடைசி ஒரு அடியில் வெயில் விழும். பார்ப்பவர் சன்ஷேடு போதவில்லை என்று நினைப்பார். பிப்ரவரி 20 (அல்லது அக்டோபர் 22) நண்பகலில் நிழல் ஏறக்குறைய ஐந்தடி. ஜன்னல் முழுக்க நிழலில், சில்லுக்குக் கீழே ஒரு அடியில் நேர்கோடாக நிழல் முடிகிறது, அதற்குக் கீழே சுவர் பளீரென்று வெயிலில். இதுதான் உங்களுக்கு வேண்டிய படம்.

நண்பகலிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, பிப்ரவரி 20 பகல் சுமார் ஒன்றரை மணிக்கு எடுத்தால் நிழல் கொஞ்சம் சாய்ந்து, சன்ஷேடு வெளியே நீண்டிருப்பது இன்னும் நன்றாகத் தெரியும். அப்போதும் நிழல் ஐந்தடியை ஒட்டித்தான் இருக்கும். ஒரு கவனம்: அந்த நேரத்தில் நிழல் கிழக்குப் பக்கம் ஏறக்குறைய ஒன்றேகால் அடி நகர்ந்திருக்கும். நம் ஊர் வழக்கப்படி சன்ஷேடை ஜன்னலுக்கு இருபுறமும் ஆறு அங்குலம் மட்டும் நீட்டியிருந்தால், ஜன்னலின் மேற்குக் கீழ் மூலையில் ஒரு முக்கோணத் துண்டு வெயில் நுழையும். படத்தில் அது தெரிந்தால் மறைக்காதீர்கள். சன்ஷேடை ஒன்றரை அடி நீட்டுங்கள், அல்லது சுவர் நெடுக ஓடவிடுங்கள். டிசைனில் திருத்த வேண்டியதை ரெண்டர் காட்டிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மேற்குதான் விஷயம். உங்கள் வீட்டில் அந்தப் பக்கம் எதிரியும் அதுதான், நண்பனும் அதுதான். வெயிலும் அங்கிருந்து வருகிறது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் அங்கிருந்து வருகிறது. ஏப்ரல் 15 மாலை நாலு மணிக்குக் கோவையில் சூரியன் சுமார் 36 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய சரியாக மேற்கில் நிற்கும். நேர் மேற்கிலிருந்து வடக்கே நாலு டிகிரிதான் விலகல். அந்த நேரத்தில் இரண்டடி சன்ஷேடு ஒன்றரை அடி நிழல்தான் தரும். சுவருக்குச் செங்குத்தாக, நேராக நீட்டிய ஃபின் அதைவிட மோசம்: சூரியன் இரண்டு ஃபின்னுக்கும் நடுவே நேராக உள்ளே வந்துவிடும், கண்ணாடியில் மெல்லிய கோடுகளைத் தவிர நிழலே இருக்காது. நிறைய எலிவேஷன்களில் மேற்குச் சுவரில் நேராக நிறுத்திய ஃபின்களைப் பார்க்கிறோம். வேறு ஊர் சூரியனை வைத்து ரெண்டர் செய்தால் அவை அருமையாக நிழல் தருவதுபோலத் தெரியும்.

நீங்கள் சாய்வாக வைத்ததாகச் சொல்கிறீர்கள், எந்தப் பக்கம் சாய்வு என்று சொல்லவில்லை. ஒன்பது அங்குல ஃபின், ஆறு அங்குல இடைவெளி, 45 டிகிரி திருப்பி வெளிமுனை தென்மேற்கைப் பார்க்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த அளவில் நேர் மேற்கிலிருந்து வரும் வெயில் முழுக்க அடைபடும், தென்மேற்குக் காற்றுக்கு வழி திறந்திருக்கும். ஏப்ரல், ஜூன் மாலை வெயில் இரண்டும் தடைபடும். டிசம்பர் நாலு மணிக்குச் சூரியன் தென்மேற்குக்கு இறங்கியிருக்கும், அப்போது வெயில் ஃபின்னுக்கு இடையே நுழையத்தான் செய்யும். கோவை மார்கழிக்கு அது பெரிய குறையில்லை, ஆனால் கேட்டால் ஒத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேமரா. மாடலை நிறுத்தி, பார்வையை `Parallel Projection`-க்கு மாற்றி, ஏப்ரல் 15 நாலு மணிச் சூரியன் இருக்கும் திசையிலிருந்து வீட்டைப் பாருங்கள். சூரியன் இருக்கும் இடத்திலிருந்து எது தெரிகிறதோ அதன்மேல்தான் வெயில் விழுகிறது; தெரியாததெல்லாம் நிழல். அங்கிருந்து ஃபின்கள் ஒன்றையொன்று மறைத்து முழுப் பலகையாகத் தெரிய வேண்டும். கண்ணாடி எங்காவது எட்டிப் பார்த்தால் அங்கே வெயில் நுழைகிறது. பிறகு அதே வீட்டைத் தென்மேற்கிலிருந்து, காற்று வரும் பக்கத்திலிருந்து பாருங்கள். ஃபின்கள் பக்கவாட்டில் மெல்லிய கோடுகளாகிவிடும், ஜன்னல் முழுக்கத் திறந்து கிடக்கும். ஒரே பொருள் ஒரு திசைக்குச் சுவர், இன்னொரு திசைக்கு வாசல். உங்கள் படம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

இரண்டையும் ஒரே சட்டகத்தில் கொண்டுவர வழி இருக்கிறது. கேமராவை ஜன்னலின் நடுவிலிருந்து சுமார் இருபதடி தள்ளி, நேர் மேற்கிலிருந்து முப்பது டிகிரி போலத் தெற்கே விலக்கி, நின்று பார்க்கும் கண் உயரத்தில் வையுங்கள். ஜன்னல் எட்டடி அகலம் என்றால், பார்க்கும் கோணம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இருபது டிகிரிக்கு அருகில் மாறும். அதனால் இடது ஓரத்தில், அதாவது வடக்கு முனையில், ஃபின்கள் ஏறக்குறைய முழுக்கத் திறந்து உள்ளே அறை தெரியும். வலது ஓரம் போகப் போக ஃபின்கள் மூடிக்கொண்டே வந்து, வெயில் பட்ட அவற்றின் முகங்கள் பளிச்சென்று தெரியும். திறப்பிலிருந்து மூடலுக்குப் போகும் இந்த மாற்றத்தைக் கண் தானாகப் படித்துக்கொள்ளும். கேமராவை நூறடி பின்னால் கொண்டுபோனால் இந்த மாற்றம் போய்விடும், எல்லா ஃபின்னும் ஒரே மாதிரி நிற்கும். வடமேற்கில் வைத்தால் வெறும் மூடிய பலகைதான் கிடைக்கும். பெரும்பாலான எலிவேஷன் படங்கள் கேட் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து எடுக்கப்படுகின்றன. உங்கள் கேட் வடமேற்கு மூலையில் இருந்தால், எல்லாரும் எலிவேஷனோடு நிறுத்திக்கொண்டதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

அதே சட்டகத்தில் ஃபின் இல்லாத வெறும் மேற்குச் சுவர் கொஞ்சமாவது வெயிலில் குளித்தபடி இருக்கட்டும். ஃபின்னுக்குப் பின்னால் உள்ள இருட்டு எவ்வளவு என்பதை அந்தச் சுவர்தான் சொல்லும். அங்கே கல் பதித்த சுவர் வேண்டாம், சொரசொரப்பான டெக்ஸ்சர் பெயிண்டும் வேண்டாம். வெளிர் நிறம், மினுங்காத பூச்சு போதும். ஃபின்னுக்கும் இதே விதி. அடர் தேக்கு நிறத்திலோ கருஞ்சாம்பலிலோ ஃபின் வைத்தால் வெயில் பட்ட முகத்துக்கும் படாத முகத்துக்கும் வித்தியாசம் கரைந்துவிடும். வீட்டுக்காரர் தேக்கு நிறம்தான் வேண்டும் என்றால் கொஞ்சம் வெளுத்த தேக்காக ஒப்புக்கொள்ள வையுங்கள்.

உள்ளே இருந்து எடுக்கும் படத்தில் ஒரு சிக்கல் வரும். ஏப்ரல் 15-க்கு உங்கள் ஃபின் வேலையை முழுசாகச் செய்துவிடுவதால் ஹாலில் வெயிலே இருக்காது. படம் சமமான மங்கல் ஒளியில் இருக்கும், பார்ப்பவர் மேகமூட்டம் என்று நினைத்துக்கொள்வார். இதற்கு மார்ச் 21 மாலை நாலு மணியைப் பிடியுங்கள். அன்று சூரியன் நேர் மேற்கிலிருந்து எட்டு டிகிரி தெற்கே இருக்கும். ஃபின் பத்தில் ஒன்பது பங்கு வெயிலைத் தடுத்துவிட்டு, ஒவ்வொரு இடைவெளியிலும் அரை அங்குலம் போல ஒரு கீற்றை மட்டும் உள்ளே விடும். தரையில் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக மெல்லிய ஒளிக்கோடுகள் விழும். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே வந்தது இவ்வளவுதான் என்று அந்தக் கோடுகளே சொல்லிவிடும். அகலமான வரிக்குதிரைப் பட்டைகள் விழும் படங்கள் இணையத்தில் ஏராளம், அழகாகவும் இருக்கும். ஆனால் பாதி வெயில் உள்ளே வந்துவிட்டது என்பதுதான் அவற்றின் அர்த்தம்.

இந்தக் கோடுகளைக் காப்பாற்றுவது சூரியனின் அளவு. உண்மையான சூரியன் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம்தான். அதனால் நிழல் விளிம்பு, தடுக்கும் பொருளிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி 14 மில்லிமீட்டர் மங்கும், மூன்று மீட்டரில் 28 மில்லிமீட்டர். உங்கள் கீற்றும் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர்தான். ஆகவே ஜன்னலடியில் கோடுகள் கூர்மையாகத் தொடங்கி, அறைக்குள் போகப் போகக் கரைவதுதான் நிஜம். நிழல் மென்மையாக இருக்கட்டும் என்று வி-ரேயில் சூரியனின் `size multiplier`-ஐ 5 ஆக்கினால் மங்கல் ஐந்து மடங்காகும், கோடுகள் தரையோடு கலந்து காணாமல் போகும். 1-இலேயே விடுங்கள். பிளெண்டரில் சூரிய விளக்கின் `Angle` அரை டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். எச்டிஆர்ஐ வானம் போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு சூரியன் இருந்தால் இரண்டு நிழல் விழும். சுவரில் ஒரே சன்ஷேடுக்கு இரண்டு விளிம்பு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

வெளிச்ச அளவை வெயில் பட்ட சுவரை வைத்துத்தான் நிர்ணயிக்க வேண்டும். அந்தச் சுவர் வெள்ளையாக வெந்துபோகாமல், அதற்கு ஒரு படி கீழே இருக்கும்படி எக்ஸ்போஷரை வைத்துவிட்டு மற்றதை அதன் போக்கில் விடுங்கள். நல்ல வெயில் நாளில் நேரடி வெயிலுக்கும் திறந்த வெளி நிழலுக்கும் ஐந்து முதல் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம்தான் உங்கள் படத்தின் பேச்சே. ஹால் இருட்டாக இருக்கிறதே என்று ஜன்னலோரம் கண்ணுக்குத் தெரியாத விளக்குகளை வைத்து நிரப்பும் பழக்கம் இன்டீரியர் ரெண்டர்களில் வேரூன்றிவிட்டது, அவற்றை அணைத்துவிடுங்கள். உட்புறம் உண்மையிலேயே இருண்டு போனால், தரையையும் கூரையின் அடிப்பக்கத்தையும் வெளிர் நிறமாக்குங்கள். ஃபின்னில் பட்டுத் திரும்பும் ஒளி கூரைக்கு ஏறும், அது வீட்டிலும் நடக்கப்போவதுதான்.

இனி காற்று. மேற்சொன்ன மார்ச், ஏப்ரல் படங்களில் காற்றையும் சேர்த்துக் காட்ட ஆசைப்பட வேண்டாம். கணவாய் வழியே கோவைக்குள் காற்று வீசியடிப்பது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. காற்றுப் படத்தை ஜூலையில் வையுங்கள். மேகம் கலைந்து கலைந்து ஓடும் வானம், இளம் வெளிச்சம், பச்சைபிடித்த தரை. அந்த ஊர்க்காரர் பார்த்ததுமே அது என்ன மாதம் என்று அறிவார், ஆடிக்காற்று அவர் நினைவில் தானாக வீசும்.

கேமராவை முற்றத்தின் வடகிழக்கு மூலையில் வைத்துத் தென்மேற்கு நோக்கிப் பாருங்கள். உள்ளிருந்து பார்த்தாலும் ஃபின்கள் தென்மேற்குப் பார்வைக்குத்தான் திறக்கும். தென்கிழக்கு மூலையிலிருந்து வடமேற்கே பார்த்தால் பலகை அடைத்ததுபோல இருக்கும், அந்தப் படத்தில் காற்று எங்கிருந்து வரும் என்று யாருக்கும் புரியாது. சரியான மூலையிலிருந்து எடுத்தால் முன்னால் முற்றம், மேலிருந்து இறங்கும் வானத்து வெளிச்சம், முற்றத்தைப் பார்த்த மடக்குக் கதவுகள் ஓரமாக மடிந்து நிற்பது, அதைத் தாண்டி ஹால், அதைத் தாண்டி ஃபின்களின் இடைவெளியில் வெளியே இருக்கும் தென்னை, எல்லாம் ஒரே கோட்டில் கிடைக்கும். காற்று நுழையும் இடமும் வெளியேறும் இடமும் ஒரே படத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. திறந்த ஜன்னல் ஒன்று மட்டும் தெரிந்தால் அது வெறும் திறந்த ஜன்னல். இரண்டு முனையும் தெரிந்து நடுவில் கண் தடுக்காமல் ஓடினால்தான், காற்றும் அப்படித்தான் ஓடும் என்று மனம் முடிவு செய்யும். ஆகவே அந்தக் கோட்டில் டிவி யூனிட், உயரமான சோபா முதுகு, அலங்காரத் தடுப்பு எதையும் நிறுத்தாதீர்கள்.

ஜன்னல் கதவுகளைத் திறந்து மாடல் செய்யுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் காற்றோட்டம் காட்டுவதாகச் சொல்லும் பாதிப் படங்களில் கண்ணாடி மூடித்தான் கிடக்கிறது. ஸ்லைடிங் ஜன்னல் என்றால் பாதிதான் திறக்கும் என்பது படத்திலும் தெரிந்துவிடும். கீல் வைத்த கதவு முழுக்கத் திறந்து ஃபின் பக்கம் இடிக்காமல் நிற்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கொசுவலையையும் போடுங்கள். வலையில்லாத ஜன்னலைப் பார்த்ததும் நம் ஊரில் முதல் கேள்வி கொசுவைப் பற்றித்தான் வரும், காற்றைப் பற்றிப் பேச்சே எழாது. வலையை ஒவ்வொரு கம்பியாக மாடல் செய்தால் படத்தில் கண்ணைக் குத்தும் அலைக்கோடு விழும். லேசான சாம்பல் ஒளி ஊடுருவும் தளமாக வைத்தால் போதும்.

அசைவுகளில் திசைதான் முக்கியம். நீங்கள் வடகிழக்கில் நின்று தென்மேற்கைப் பார்ப்பதால், மேற்குக்கும் தென்மேற்குக்கும் நடுவிலிருந்து வரும் காற்று உங்கள் வலப்பக்கத் தூரத்திலிருந்து இடப்பக்கம் நோக்கி வரும். ஆகவே வெளியே தென்னங்கீற்று, ஹால் ஜன்னல் திரை, முற்றத்துச் செடி மூன்றும் இடப்பக்கமே சாய வேண்டும். ரெடிமேட் மரங்களை இறக்கிப் போடும்போது அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும், பார்ப்பவருக்கு ஏன் என்று தெரியாமலே படம் நம்பிக்கையில்லாமல் போகும். காற்று நுழையும் ஜன்னலில் திரை அறைக்குள் புடைக்கும். வெளியேறும் ஜன்னலில் அது கிரில்லோடு ஒட்டிக்கொண்டு வெளியே தள்ளும். இந்த ஒரு வித்தியாசத்தைச் சரியாகக் காட்டினால் அம்புக்குறிக்கு வேலையே இல்லை. கிழக்குப் படுக்கையறை ஜன்னல் ஓரமாகவாவது சட்டகத்தில் விழுந்தால் அங்கே திரையை அப்படி வையுங்கள். அளவு மீறவும் கூடாது: ஏழடித் திரையின் அடிவிளிம்பு ஒரு அடி, ஒன்றரை அடி நகர்ந்தால் அது வீட்டுக்குள் வரும் நல்ல காற்று. கிடைமட்டமாகப் பறந்தால் சினிமா. பிளெண்டரில் துணி சிமுலேஷனைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அலை ஒன்று நடுவில் இருக்கும் ஃபிரேமைப் பொறுக்குங்கள். கையால் வளைத்த திரை பெரும்பாலும் மரப்பலகை மாதிரி நிற்கும்.

சீலிங் ஃபேனைப் படத்தில் விடுங்கள், ஆனால் நிற்கட்டும். இறக்கைகள் மூன்றும் தெளிவாகத் தெரிய, கீழே திரை மட்டும் ஆடினால், காற்று ஃபேனிலிருந்து வரவில்லை என்பது சொல்லாமலே புரியும். ஃபேன் சுற்றுவதுபோல மங்கலாக்கினால் உங்கள் ஃபின், முற்றம் எல்லாவற்றின் பெருமையும் ஃபேனுக்குப் போய்விடும். சுவரில் தினசரி நாட்காட்டி ஒன்று மாட்டி, அதன் தாள்கள் அடியில் சற்று எழும்பியிருந்தால் கூடுதல் பலன். பெரிய திரைக்குக் கண் போகாதவர்களும் அதைப் பார்த்துவிடுகிறார்கள். இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊதுபத்திப் புகை, பறக்கும் துப்பட்டா, காற்றில் சிதறும் காகிதம் எல்லாம் சேர்ந்தால் புயல் எச்சரிக்கை ஆகிவிடும். ஆள் வைப்பதென்றால் ஒருவர் போதும், திண்ணையிலோ முற்றத்து ஓரத்திலோ சாய்ந்து உட்கார்ந்தபடி. நம் மக்கள் வெயில் நேரத்தில் எங்கே போய் உட்காருவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், உருவம் உட்கார்ந்த இடமே குளிர்ச்சியான இடம் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆளை வெயிலில் நிற்க வைத்தால் அதுவும் வேறொரு செய்தியாகிவிடும்.

முற்றத்தின் வழியே காற்று மேலேறுவது மட்டும் கண்மட்டப் படத்தில் வராது. அதற்கு வீட்டை மேற்கு-கிழக்காக வெட்டி, வெட்டிய முகத்தை ஒரே நிறத்தில் விட்டு, உள்ளே முழு ரெண்டராக ஒரு வெட்டுத்தோற்றம் எடுங்கள். மேற்கே தாழ்ந்த ஜன்னல், கிழக்கே உயர்ந்த முற்றத் திறப்பு என்ற உயர வித்தியாசம் அதில் தானாகத் தெரியும். ஜன்னல் சில் ஒன்றரை அடியில் இருந்தால், உட்கார்ந்திருக்கும் ஆளின் உடம்பு உயரத்துக்குத் திறப்பு இருப்பதும் தெரியும். ஒன்று மட்டும்: ஆடும் திரையும் தென்னங்கீற்றும் காற்றுக் கணக்கு அல்ல. பக்கத்து மனையில் மேற்கே மூன்று மாடி எழும்பிவிட்டால் படத்தில் வரும் காற்று வீட்டுக்கு வராது. அந்தக் கட்டடம் ஏற்கெனவே இருந்தால் மாடலில் அதையும் நிறுத்திவிட்டு, காற்று உண்மையில் வருமா என்று யோசித்த பிறகு திரையை ஆட்டுங்கள்.

முடித்தபின் படத்தை, இந்த வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் ஐந்து நொடி காட்டி மறைத்துவிடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும், அதில் ஒன்றும் கிடைக்காது. வெளிப்படத்துக்கு "மணி எத்தனை இருக்கும்?" என்று கேளுங்கள், உட்படத்துக்கு "இதில் எங்கே போய் உட்காருவீர்கள்?" என்றும், ஜூலைப் படத்துக்கு "காற்று எந்தப் பக்கமிருந்து?" என்றும் கேளுங்கள். சாயங்காலம் என்று சொல்லி, ஜன்னலோரத்தைக் காட்டி, வலப்பக்கம் என்று கை நீட்டினால் வேலை முடிந்தது. மணியைச் சொல்ல முடியாமல் திணறினால் விளிம்பு போதவில்லை என்று அர்த்தம், எக்ஸ்போஷருக்கும் சூரிய அளவுக்கும் திரும்பிப் போங்கள். காற்றின் திசையைச் சொல்லாவிட்டால் ஏதோ ஒன்று எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது, முதலில் மரங்களைப் பாருங்கள்.

வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக இல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள். சுருக்கும்போது முதலில் அழிவது தரையில் விழும் அந்த அரை அங்குலக் கோடுகளும் ஃபின் இடைவெளிகளும்தான். அச்சிடுவதென்றால் ஒரு ஏ4 தாளில் சோதனைப் பிரதி எடுத்துப் பாருங்கள். கணினித் திரையில் தெரிந்த நிழல் தாளில் கறுத்து அடைபடும். அப்போது நிழலை மட்டும் கால் படி ஏற்றுங்கள், வெயில் பட்ட சுவரைத் தொடாதீர்கள்.